பேனல் வீடியோவில் வெள்ளையாகத் தெரிந்ததை நம்பினேன், ஆரஞ்சாகத் தெரிந்ததைத் தவறவிட்டேன்

மூன்றாம் ஷிப்ட்

தெர்மல் கேமரா வீடியோவைத் தப்பாகப் படித்த அனுபவம் ஒன்றை எழுதுகிறேன், கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

கம்ப்ரசர் மோட்டாருக்குப் போகும் பேனல். கதவைத் திறக்க அனுமதி உள்ள எலெக்ட்ரீஷியன் முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுத் திறந்தார், நான் தள்ளி நின்று நாலு நிமிட வீடியோ எடுத்தேன். மோட்டார் அப்போது முழு லோடில் 60 சதவீதம்தான் இழுத்துக்கொண்டிருந்தது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் செம்புப் பட்டையான பஸ்பாரை ஜூம் செய்தபோது அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு, சுற்றிலும் நீலம். பார்த்ததும் பயந்துவிட்டேன். பஸ்பார் சூடாகிறது, உடனே நிறுத்த வேண்டும் என்று மேலே எழுதி அனுப்பிவிட்டேன்.

இரவு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நான் இடப்பக்கம் சாய்ந்தால் திட்டும் கூடவே நகர்கிறது, நேராக நின்றால் நடுவுக்கு வருகிறது. அதன்மேல் குறி இருந்த நேரத்தில் திரையில் காட்டிய எண் 34 டிகிரி. நான் 34 என்பதைப் படிக்கவே இல்லை, வெள்ளை நிறத்தை மட்டும் படித்திருக்கிறேன்.

அதே வீடியோவில் 2 நிமிடம் 10 விநாடியில் பிரேக்கரின் அடிப்பக்கம் வருகிறது. பக்கத்தில் இருக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் 78 டிகிரியில் வெள்ளையாக இருக்கிறது, அது எப்போதுமே அப்படித்தான் ஓடும். அதனால் ஆட்டோ ஸ்கேல் மொத்த நிறத்தையும் அதற்கேற்ப நீட்டிவிட்டது. மூன்று கேபிள்களில் இரண்டு ஊதா, ஒன்று ஆரஞ்சு. வெள்ளை இல்லையே என்று கடந்து போயிருக்கிறேன்.

மறுநாள் ஸ்கேலை 25 முதல் 70 வரை பூட்டி மறுபடி எடுத்தோம். கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை ஒட்டிய கேபிள் உறையில் ஆர் ஃபேஸ் 61, ஒய் 42, பி 43. அறைக் காற்று 27, பேனலுக்குள் 35.

கேள்வி இதுதான்: ஆர் ஃபேஸில் உறை 61 காட்டுகிறது, ஆனால் அதைக் கடித்துப் பிடித்திருக்கும் லக் 38தான் காட்டுகிறது. அப்படியானால் பழுது கேபிளிலா?

கேபிள் கட்டு

கேபிள்தான். ஜாயின்ட் லூசாக இருந்தால் லக்தானே முதலில் சூடாகும்? லக் 38 என்றால் ஜாயின்ட் நன்றாகவே இருக்கிறது, உள்ளே இழைகள் சில அறுந்திருக்கும், கேபிளை மாற்றுங்கள். இன்னொன்று, உலோகத்தைப் பார்க்கும்போது எமிசிவிட்டியை, அதாவது ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு கதிராக வெளியிடும் என்று கேமராவுக்குச் சொல்லும் எண்ணை, 0.95-இல் விடக்கூடாது, 0.1-க்கு மாற்றிவிட்டுப் படிக்க வேண்டும். அப்போது லக்கின் சரியான சூடு வந்துவிடும்.

பழைய மீட்டர்

எமிசிவிட்டியைத் தொட்டது சரி, ஆனால் அதிலிருந்து வந்த முடிவு தலைகீழ், தம்பி.

பளபளப்பான செம்பும் தகரம் பூசிய லக்கும் தன் சூட்டைக் கேமராவுக்குச் சொல்லவே சொல்லாது. அதிலிருந்து வருவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அதனுடையது, மீதியெல்லாம் எதிரே இருப்பதன் பிரதிபலிப்பு. பஸ்பாரில் தெரிந்த 34 உங்கள் உடம்பு. ஆடை, முகம் எல்லாம் கேமராவுக்கு 32, 34 என்றுதான் தெரியும், அதனால் வெறும் உலோகத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஆள்தான். லக்கில் தெரிந்த 38-உம் இதே கதை, எதிரில் இருந்த பிரேக்கர் உடம்பும் சுவரும் கலந்த ஒரு எண்.

0.1-க்கு மாற்றலாம் என்பதை நானும் ஒரு காலத்தில் செய்தேன். உலோகத்தின் உண்மையான மதிப்பு 0.05-ஆ 0.15-ஆ என்று யாருக்கும் தெரியாது, கேமரா அந்தச் சின்ன எண்ணால் வகுக்கும்போது பிழையும் பத்து மடங்காகப் பெருகும். எதிரில் இருப்பதன் வெப்பத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். 40 டிகிரி லக்கை 120 என்று காட்டிய நாள் உண்டு. அதைவிட, கரண்ட் இல்லாமல் நிறுத்தியிருக்கும்போது லக்கின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு, மறுபடி ஓட்டி அந்த டேப்பைப் படியுங்கள். டேப் 0.95 அளவில் இருக்கும், லக்கோடு ஒட்டியிருப்பதால் கிட்டத்தட்ட லக்கின் சூட்டையே காட்டும்.

டேப் ஒட்ட முடியாதபோது நான் கேபிள் உறையைத்தான் நம்புவேன், அதுவும் ஒரு இடத்தில் இல்லை, நீளத்தில். கேமராவை லக்கிலிருந்து கேபிள் வழியாகக் கீழே மெதுவாக நகர்த்திப் பாருங்கள். லக் பக்கம் 61, ஒரு சாண் தள்ளி 52, இன்னும் தள்ளி 45 என்று இறங்கிக்கொண்டே போனால் சூடு பிறக்கும் இடம் ஜாயின்ட். கேபிள் முழு நீளமும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் அது அதிக கரண்ட். இழை அறுந்திருந்தால் அறுந்த இடத்தில் உச்சம் இருந்து இரண்டு பக்கமும் இறங்கும். ஒரே ஒரு படத்தை எடுத்துவிட்டு இதைச் சொல்ல முடியாது, வீடியோவின் பலமே இதில்தான்.

இப்போது 60 சதவீத லோட் விஷயம். ஜாயின்டில் பிறக்கும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். ஆனால் சூடு ஏற ஏற காற்றும் கதிர்வீச்சும் அதை அதிகமாக எடுத்துக்கொள்வதால், வெப்பநிலை முழு வர்க்கத்துக்கு ஏறாது, அடுக்கு 1.6 பக்கமும் வரலாம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர் ஃபேஸ் பேனல் காற்றைவிட 26 டிகிரி மேலே இருக்கிறது. முழு லோடில் அது 59 முதல் 72 வரை ஆகும், அதாவது உறையின் வெளியே 94-லிருந்து 107 டிகிரி. சாதாரண பிவிசி உறைக்கு உள்கம்பி 70-ஐத் தாண்டக்கூடாது. முழு லோடில் மோட்டார் ஓடப்போகும் நாள் எது என்று பாருங்கள், அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்திலும், ஒரே லோடுள்ள ஒரே மாதிரி உறுப்புகளுக்கிடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் மின்சாதனப் பரிசோதனைக்கான அமெரிக்க அமைப்பான நெட்டாவின் பராமரிப்பு அட்டவணை அதைப் பெரிய குறை என்றே சொல்கிறது. உங்களுக்கு 18, 19.

சுவர்ப்பார்வை

எனக்கும் இதே மாதிரி நிகழ்ந்தது, ஆனால் வீட்டுச் சுவரில். மேல் மூலையில் ஒரு கருநீலத் திட்டு, உள்ளே காப்புப் பஞ்சு விடுபட்டுவிட்டது என்று நினைத்தேன். நானும் அங்குமிங்கும் நகர்ந்து பார்த்தேன், திட்டு நகரவில்லை, அப்படியானால் பஞ்சு இல்லை என்பது உறுதி என்று சுவரை உடைக்கச் சொன்னேன். உள்ளே பஞ்சு பக்காவாக இருந்தது. ஈரம்! ஈரம் ஆவியாகும்போது சுவரைக் குளிர்விக்கிறது, கேமராவில் இரண்டும் ஒரே நீலம். நகர்ந்து பார்ப்பது பிரதிபலிப்பைத்தான் விலக்கும், மற்றதைச் சொல்லாது என்பது எனக்கு அன்று புரிந்தது. ஈரமானியை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அப்புறம் காற்றுக் கசிவு வேறு மாதிரி தெரியும். கதவில் பெரிய விசிறியை மாட்டி வீட்டுக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி வைத்தால், சுவர் மூலையிலிருந்து விரல் விரலாக நீலம் கிளம்பி, சில நிமிடங்களில் நீண்டு பரவும். பஞ்சு விடுபட்ட இடமாக இருந்தால் அப்படியே சட்டம்போட்ட மாதிரி நேரான ஓரத்தோடு அசையாமல் இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இல்லாத நாளில் இதெல்லாம் மங்கிப்போகும், வெயில் பட்ட சுவரையும் அன்று பார்க்கவே வேண்டாம்.

அக்ரிலிக் கதவு

எங்கள் பேனலில் உள்ளே ஒரு கண்ணாடி மாதிரி அக்ரிலிக் மூடி இருக்கிறது, அதைக் கழற்றாமல் அதன் வழியாகவே வீடியோ எடுத்தால் ஆபத்து இல்லையே? நான் மூன்று பேனலை அப்படித்தான் பார்த்தேன், எல்லாமே 31, 32. எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று எழுதிவிட்டேன்.

பழைய மீட்டர்

நீங்கள் அளந்தது அக்ரிலிக்கை. இந்த அலைநீளத்தில் அதுவும் ஜன்னல் கண்ணாடியும் கல்சுவர் மாதிரி, பின்னால் 90 டிகிரி இருந்தாலும் காட்டாது. கதவைத் திறப்பதில் ஆர்க் ஆபத்து உண்மையானது, அதனால்தான் அகச்சிவப்பை விடும் தனி ஜன்னல்கள் வைக்கிறார்கள். அதுவும் இல்லை என்றால் அனுமதி உள்ளவரைக் கூப்பிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த மூன்று பேனலையும் பார்க்காதவையாகவே எண்ணுங்கள்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 160-க்கு 120 பிக்சல் உள்ள கைக் கேமராவில், 57 டிகிரி லென்ஸ் என்றால், ஒரு மீட்டரில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 7 மி.மீ. மூன்று மீட்டர் தள்ளினால் 20 மி.மீ., அதாவது ஒரு லக்கின் அகலம் முழுவதும் ஒரே பிக்சல். அங்கே வரும் எண் லக்கும் பின்னணியும் கலந்தது, பின்னணி குளிராக இருந்தால் குறைவாகவே காட்டும்.

மூன்றாம் ஷிப்ட்

பழைய மீட்டர் அண்ணா சொன்னபடி மறுபடி கேபிள் வழியாக மெதுவாக இறக்கிப் பார்த்தோம். 61, 53, 46, ஒரு முழம் தாண்டியதும் மற்ற இரண்டு ஃபேஸ் மாதிரியே 43. ஜாயின்ட்தான். நடுவில் ஒருமுறை கேமரா 'டிக்' என்று அரை விநாடி உறைந்து, எண் 2 டிகிரி குதித்தது. அது ஷட்டர் தன்னைச் சரிசெய்துகொள்வது என்று இப்போது தெரியும், அதனால் டிக் சத்தத்துக்கு முந்தைய ஃபிரேமையும் பிந்தையதையும் ஒப்பிடவில்லை.

லோடை நிறுத்தி, பூட்டுப் போட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் செய்தபின் கழற்றினோம். லக்கின் கிரிம்ப் சரியாக அமுங்கவில்லை, உள்ளே இழைகள் கருத்திருந்தன. நுனியை வெட்டிவிட்டுப் புது லக் போட்டு, உற்பத்தியாளர் சொன்ன முறுக்கு அளவில் இறுக்கினோம். லக்கில் டேப்பும் ஒட்டினேன். மறுபடி 60 சதவீதத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட்டியபின்: ஆர் 45, ஒய் 42, பி 42, டேப் 46.

இன்னும் 3 டிகிரி மிச்சம் இருக்கிறது. இதை விடலாமா?

கேபிள் கட்டு

என் பதில் தவறு, ஒத்துக்கொள்கிறேன், டேப் முறையை இனி நானும் செய்கிறேன். 3 டிகிரியை விட்டுவிடலாம், கேமராவின் துல்லியமே இரண்டு டிகிரிதானே.

பழைய மீட்டர்

இரண்டு டிகிரி என்பது எண்ணின் உண்மைக்கு. ஒரே ஃபிரேமில் ஒரே மாதிரி உறைகளை ஒப்பிடும்போது அந்தப் பிழையில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கும், அதனால் 3-ஐ எளிதாகத் தள்ள மாட்டேன். மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்தீர்களா? ஆர் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அந்த 3-க்கு அதுவே காரணம்.

மூன்றாம் ஷிப்ட்

வைத்தோம். ஆர் மற்ற இரண்டையும்விட 5 சதவீதம் அதிகம். 42 என்பது காற்றைவிட 7 டிகிரி மேலே, அதில் 5 சதவீத கரண்டுக்கு ஒரு டிகிரிகூட வராது. மீதி 2 எங்கிருந்து என்று தெரியவில்லை. வெட்டிய நுனிக்குப் பின்னாலும் இழைகள் கருத்திருக்கலாம், இல்லை அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் உறை கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மருக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்து எடுக்கலாம் என்றிருக்கிறேன், பூட்டிய அதே 25 - 70 ஸ்கேலில். அதுவரை வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே தூரத்தில் நின்று வீடியோ, கூடவே கிளாம்ப் அளவும் எழுதி வைக்கிறோம். இந்தமுறை வெப்பநிலையும் சேர்ந்து பதிவாகும் வகையில் சேமிக்கிறேன், முதல் நாளைப் போல வெறும் நிற வீடியோவாக இல்லாமல்.