கலைச்சொல் தேவை: ‘நாலுக்கு ஒண்ணு’, ‘அஞ்சில் ஒண்ணு’

மன்னார்குடி, கணக்கு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்புக்கு விகிதப் பாடத்தை இட்லி மாவை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சொல் இல்லாமல் நிற்கிறது.

இட்லிக்கு அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர். பலகையில் உளுந்து : அரிசி = 1 : 4 என்று எழுதுகிறோம். விகிதத்தைப் பின்னமாகவும் எழுதலாம் என்று சொல்லி 1/4 என்று போடுகிறோம். பிள்ளைகள் அதைக் ‘கால்’ என்று வாசிக்கிறார்கள். அதுவரை சரி. பிறகு, “அரிசியும் உளுந்துமாகச் சேர்த்து 20 கிலோ வேண்டும், உளுந்து எவ்வளவு?” என்றால் இருபதில் கால் 5 கிலோ என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 4 கிலோ.

கால் என்பது அரிசியில் கால். மொத்தத்தில் அது அஞ்சில் ஒண்ணு. இரண்டும் விகிதம்தான், ஆனால் வேறு வேறு விகிதம். ஆங்கில வழியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அதைப் ‘பகுதி–பகுதி விகிதம்’, ‘பகுதி–முழு விகிதம்’ என்று அப்படியே பெயர்த்தால் பிள்ளைகள் நாக்கில் ஏறவில்லை. பகுதி என்றால் பின்னத்தின் பகுதியா என்று வேறு கேட்கிறார்கள். வகுப்பில் புழங்கக்கூடிய ஒரு ஜோடிச் சொல் வேண்டும்.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, புதுச்சொல்லே தேவையில்லை. வேற்றுமை உருபே வேலையைச் செய்கிறது, நீங்கள் போட்ட தலைப்பைப் பாருங்கள். ‘நாலுக்கு ஒன்று’ என்னும்போது நாலு வேறு, ஒன்று வேறு. பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். ‘ஐந்தில் ஒன்று’ என்னும்போது அந்த ஒன்று ஐந்துக்குள்ளேயே கிடக்கிறது. எனவே குவ்வுருபு வந்தால் கு-விகிதம், இல்லுருபு வந்தால் இல்-விகிதம். இலக்கண வகுப்பில் வேற்றுமை படித்த பிள்ளைக்கு இது தானாக ஒட்டிக்கொள்ளும்.

திருவாரூர், சமையல் ஒப்பந்தக்காரர்

இட்லி மாவில் விகிதம் பார்ப்பதெல்லாம் வகுப்பறைக்குச் சரி சார். நடைமுறையில் அளவைக் கூட்டினால் விகிதம் நிற்காது. ஒரு படி அரிசிக்கு ஊற்றும் தண்ணீரைப் பத்துப் படிக்கு அப்படியே பத்து மடங்காக்கினால் சாதம் குழைந்துபோகும். சின்னப் பாத்திரத்தில் ஆவியாகப் போவது அதிகம், அண்டாவில் அந்த அளவுக்குப் போகாது. வேகும் நேரமும் பத்து மடங்கு ஆகாது. இதற்கு ஒரு பெயர் வைத்தால் நன்றாக இருக்கும்.

தஞ்சாவூர், கணிதப் பேராசிரியர் (ஓய்வு)

திருவாரூர் நண்பர் சொல்வது உண்மை, ஆனால் டீச்சர் கேட்டது அதையல்ல. அவர் கேட்பது அளவு பெருகும்போது நடப்பதை அல்ல. ஒரே கலவையை இரண்டு விதமாகச் சொல்வதை. ஆனாலும் அதிலிருந்து பாடத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: முதல் வகுப்பில் தண்ணீர், உப்பு, நேரம் மூன்றையும் தொடாதீர்கள். உலர் தானியத்தோடு நிறுத்துங்கள்.

தமிழையா சொன்ன உருபு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லில் உடைகிறது. ‘நூற்றுக்கு இருபது’ என்கிறோமே, அதில் இருப்பது குவ்வுருபு. பொருளோ நூறில் இருபது, அதாவது மொத்தத்தில். சதவீதம் முழுவதும் மொத்தத்தைப் பார்த்த விகிதம்தான், தமிழ் அதற்கு ‘கு’ போடுகிறது. நாளைக்கு ‘நூற்றுக்கு 80 மதிப்பெண்’ எந்த விகிதம் என்று ஒரு பிள்ளை கேட்டால், கு-விகிதம் என்ற பெயரே தப்பான விடையைச் சொல்லிக்கொடுக்கும்.

பெயர் தேடும்போது சில சொற்கள் முன்பே போய்விட்டன என்பதையும் மறக்க வேண்டாம். ‘எதிர் விகிதம்’ ஆள் கூடினால் நாள் குறையும் கணக்குக்கு. ‘கூட்டு விகிதம்’ விகிதங்களைப் பெருக்குவதற்கு. ‘இணை’ என்றால் வடிவியல் நினைவு வரும்.

கும்பகோணம், காபித்தூள் கடை

பேராசிரியர் ஐயா சொன்னது எங்கள் கடையில் தினமும் நடப்பது. “கிலோவுக்கு 200 சிக்கரி போடுங்க” என்பார்கள். கடையில் அதற்கு 800 காபி, 200 சிக்கரி, மொத்தம் ஒரு கிலோ என்றுதான் எடுத்துக்கொள்வோம். வீட்டில் தாமே கலக்குகிறவர் ஒரு கிலோ காபித்தூள் வாங்கி அதன் மேல் 200 சிக்கரி கொட்டுவார். சொல் ஒன்றேதான். முதலாவதில் சிக்கரி அஞ்சில் ஒண்ணு, இரண்டாவதில் ஆறில் ஒண்ணு. குடித்துப் பார்த்தால் தெரியும்.

கணக்குக்காகக் காபி கிலோ 800 ரூபாய், சிக்கரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கலவை 640 + 40, கிலோ 680 ரூபாய். இரண்டாவது 840 ரூபாய்க்கு 1,200 கிராம், கிலோ 700 ரூபாய். பாக்கெட்டில் அச்சிடும் சதவீதம் எப்போதும் மொத்தத்தில்தான். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற விதியும் மொத்தத்தைப் பார்த்துத்தான்.

பெயருக்கு என் யோசனை: கடையில் நாங்கள் ‘வரி உட்பட’, ‘வரி நீங்கலாக’ என்போம். அதையே எடுத்தால் என்ன? உட்பட விகிதம், நீங்கல் விகிதம். உளுந்து உட்பட மொத்தம் அஞ்சு, அதில் ஒண்ணு. உளுந்து நீங்கலாக நாலு; அதற்கு ஒண்ணு.

மன்னார்குடி, கணக்கு ஆசிரியை

> உட்பட விகிதம், நீங்கல் விகிதம்

இது பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கடைக்குப் போகிறவர்கள்தான், எம்.ஆர்.பி. என்றால் வரி உட்பட என்பது அவர்களுக்குத் தெரியும். 100 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் வரி சேர்த்து 118. இப்போது 118-இல் வரி எவ்வளவு என்று கேட்டால் மறுபடி 118-க்கு 18 சதவீதம் போட்டு 21 ரூபாய் 24 காசு என்பார்கள். இட்லி மாவில் செய்த அதே தப்பு வேறு சட்டை போட்டு வருகிறது. பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று காட்டலாம்.

பாடத்தை இப்படி வைத்திருக்கிறேன், குறை சொல்லுங்கள்.

ஒரே அளவு டம்ளர் ஐந்து மேசை மேல். நான்கில் பச்சரிசியோ புழுங்கலோ, ஒன்றில் முழு உளுந்து. முதலில் உளுந்து டம்ளரை எட்டத் தள்ளி வைத்து “நீங்கலாக எத்தனை?” என்பேன். பிறகு வரிசையில் சேர்த்து “உட்பட எத்தனை?” என்பேன். அந்தந்த நிலையிலேயே பின்னத்தை எழுதச் சொல்வேன்: 1/4, 1/5. எழுதும்போது பக்கத்தில் ‘அரிசியில்’, ‘மொத்தத்தில்’ என்ற சொல் கட்டாயம். சொல் இல்லாத பின்னத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதன் பிறகுதான் இரண்டையும் பாத்திரத்தில் கொட்டிக் கலக்குவது. முதலிலேயே கலந்துவிட்டால் நீங்கலாக எத்தனை என்று காட்ட ஒன்றும் இருக்காது.

அடுத்து 10 கிலோ மொத்தத்துக்கு ஒரு கணக்கு, அதன்பின் விலைக் கணக்கு.

தஞ்சாவூர், கணிதப் பேராசிரியர் (ஓய்வு)

டம்ளரை எட்டத் தள்ளுவது நல்ல வழி. ஆனால் 10 கிலோவை மாற்றுங்கள். பத்தில் கால் எடுத்தால் இரண்டரை வரும். அரை வந்தவுடன் பிள்ளைக்குத் தானே சந்தேகம் வந்து அடித்துவிட்டு 2 என்று எழுதிவிடும். புரிந்து எழுதியதா, முழு எண் தேடி எழுதியதா என்று உங்களுக்குத் தெரியாது. முதல் கடிதத்தில் நீங்கள் கொடுத்த 20 தான் சரி. 4-ஆலும் வகுபடும், 5-ஆலும் வகுபடும். தப்பான விடையும் 5 என்று முழுசாக வருவதால் யார் குழம்பியிருக்கிறார்கள் என்று உடனே தெரியும்.

இன்னொன்று, இதுதான் பலரும் கவனிக்காதது. “அரிசி 8 கிலோ, உளுந்து எவ்வளவு?” என்ற வகைக் கேள்வியில் குழம்பிய பிள்ளையும் 2 என்று சரியாகவே எழுதும், ஏனென்றால் அங்கே கால் எடுப்பதுதான் சரி. பயிற்சிக் கேள்வி எல்லாம் இப்படி ஒரு பகுதியைக் கொடுத்தே அமைந்தால் வகுப்பு முழுக்கப் புரிந்ததாகத் தோன்றும். மொத்தத்தைக் கொடுத்துக் கேட்டால்தான் தப்பு வெளியே வரும்.

தப்பு செய்த பிள்ளையிடம் சரியான விடையைச் சொல்ல வேண்டாம். உளுந்து 5 என்றால் அரிசி எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 15 என்று சொல்லும். பதினைந்தை ஐந்தால் வகுக்கச் சொல்லுங்கள், மூன்று வரும். நாலு வந்திருக்க வேண்டும். தன் தப்பைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பிறகு விலை. அரிசி கிலோ 50, உளுந்து கிலோ 140 என்று வைத்தால் சரியான 20 கிலோ, 16 கிலோ அரிசியும் 4 கிலோ உளுந்துமாக 800 + 560, 1,360 ரூபாய். குழம்பிய கலவை 750 + 700, 1,450 ரூபாய். ஒரு தவறான பின்னத்துக்கு 90 ரூபாய். விலை மடமடவென்று ஏறியதற்குக் காரணம் உளுந்து விலை உயர்ந்த சரக்கு என்பதுதான். இரண்டும் ஒரே விலையாக இருந்தால் இந்தத் தப்பு பில்லில் தெரியவே தெரியாது. அதையும் ஒரு கேள்வியாக வையுங்கள்.

திருவாரூர், சமையல் ஒப்பந்தக்காரர்

உட்பட, நீங்கல் புரிகிறது. இதைச் சக்கரைப் பொங்கலுக்குச் சொல்லிப் பாருங்கள். அரிசி 4, பாசிப்பருப்பு 1, வெல்லம் 6. பருப்பின் உட்பட விகிதம் என்ன? அரிசி, பருப்பு சேர்த்துக் களைந்து வைக்கும்போது அஞ்சில் ஒண்ணு. வெல்லமும் சேர்ந்தபின் பதினொன்றில் ஒண்ணு. ‘உட்பட’ என்றால் எது எது உட்பட?

வெல்லத்தை டம்ளரால் அளக்காதீர்கள். கட்டியாகப் போட்டால் இடையில் காற்று, பொடித்தால் அழுந்திக்கொள்ளும். தராசு வையுங்கள்.

திருவையாறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நூற்றுக்கு என்பதை நான் யோசிக்கவில்லை, கு-விகிதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘உட்பட விகிதம்’ என்பதில் வினையெச்சத்துக்குப் பின் பெயர் வந்து உறுத்துகிறது. உள்விகிதம், புறவிகிதம் என்றால் இலக்கணமும் நிற்கும், பொருளும் மாறாது.

தஞ்சாவூர், கணிதப் பேராசிரியர் (ஓய்வு)

உள்விகிதம் நூலில் நன்றாக இருக்கும். ஆனால் புறவிகிதம் என்றால் எதற்குப் புறம் என்று பிள்ளை கேட்கும். நீங்கல் என்றால் எது நீங்கியது என்று தெரிந்துவிடுகிறது. பொங்கல் கேள்விக்கு எந்தப் பெயரும் தனியாக விடை சொல்லாது. மொத்தம் எது என்று வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

மன்னார்குடி, கணக்கு ஆசிரியை

இப்போதைக்கு வகுப்பில் உட்பட, நீங்கல். பாடக்குறிப்பின் தலைப்பில் மட்டும் உள்விகிதம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். பொங்கலை இரண்டாம் வகுப்பு நேரத்துக்குத் தள்ளிவிட்டேன். அன்றைக்குப் பள்ளித் தராசு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். காபி அண்ணாச்சி, ‘கிலோவுக்கு 200’ கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விடையும் சரி என்று போடலாம்தானே?