விருந்தினர் அறைக் குறிப்புக்கு எளிய ஆங்கிலம்: கொஞ்சம் உதவுங்க

கானாடுகாத்தானில் எங்க பழைய வீட்டில் வெளிநாட்டுக்காரர்களைத் தங்க வைக்கிறோம், பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். அறையில் ஒட்ட ஆங்கிலக் குறிப்பு எழுதியது நான்தான். கார் தாமதமானாலும் கடைசியில் வந்துவிடும் என்று சொல்ல 'ஈவென்சுவலி' போட்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, கார் வருமா வராதா என்று கேட்டார். பிரெஞ்சில் அதே மாதிரி ஒரு சொல்லுக்கு 'ஒருவேளை' என்று அர்த்தமாம்! இப்போது 'தி கார் வில் கம். இட் மே பி லேட்' என்று இரண்டாக உடைத்துவிட்டேன்.

மாடிக் கதவுக் குறிப்பிலும் அதே கதைதான். 'அன்லெஸ் இட் ரெயின்ஸ்' என்று இழுத்ததை எடுத்துவிட்டு, 'கீப் திஸ் டோர் ஓப்பன். இஃப் இட் ரெயின்ஸ், குளோஸ் இட்' என்று மாற்றினேன்.

மாட்டிக்கொண்டது விளக்கை அணைக்கச் சொல்லும் வரியில். 'புட் அவுட் தி லேம்ப்' சின்னச் சொற்கள்தான், ஆனால் இரண்டும் சேர்ந்தால் அர்த்தமே வேறு, அகராதியில் தனித்தனியாகப் பார்த்தால் வெளியே கொண்டுபோய் வை என்று தோன்றும். 'எக்ஸ்டிங்குவிஷ்' நீளமானாலும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சரி, ஜப்பான்காரர் வந்தால்? எண்ணெய் விளக்கு, சுவிட்ச் கிடையாது. இரண்டு தரப்புக்கும் புரிகிற ஒரு வரி இருந்தால் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கணும்.