புதுப்பிப்பு: பச்சைக்கு மாற்றியும் நீலத்தில் தங்கிய இணைப்புகள்

புதிய பதிப்பு ஓடும் சர்வர் பச்சை, பழையது நீலம். முன்பு நான் கேட்டிருந்த கேள்வி: "ட்ராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் ஏஎல்பி விதியில் பச்சைக்கு 100, நீலத்துக்கு 0 என்று மாற்றி ஒரு மணி நேரம் ஆகியும் நீலத்தில் ஆட்கள் இருக்கிறார்களே, ஏன்?"

காரணம் தெரிந்துவிட்டது: வெப்சாக்கெட், அதாவது ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பு. டிஎன்எஸ் டிடிஎல் என்று ஒரு நண்பர் சொன்னார். ரூட் 53-இல் மாற்றியிருந்தால் அது சரி. எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஏஎல்பி. விடை கொடுத்தவர் மூத்த பொறியாளர் அக்கா ஒருவர். இணைப்பு தொடங்கும்போது மட்டும்தான் விதி பார்க்கப்படும், திறந்த இணைப்பு பழைய சர்வரிலேயே இருக்கும் என்றார். எங்கள் ஆப் 30 விநாடிக்கு ஒரு பிங் அனுப்புவதால் 60 விநாடி ஐடில் டைம்அவுட்டும் வரவேயில்லை.

நீல சர்வரில் எண்ணிப் பார்த்தேன்:

```
ss -Htn state established '( sport = :8080 )' | wc -l
```

ஹெல்த் செக் சில சேரும். மீதி எல்லாம் பயனர்கள். அக்சஸ் லாகை நம்பாதீர்கள், வெப்சாக்கெட் மூடிய பிறகுதான் அதில் வரி விழும்.

இப்போது நீல சர்வரே திறந்த இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக 1001 குறியீட்டோடு மூடுகிறது. ஒவ்வொரு ஆப்பும் வெவ்வேறு சில விநாடி தள்ளி மறுபடி இணைகிறது, அதனால் பச்சையில் நெரிசல் இல்லை. மறுஇணைப்பே தெரியாத பழைய ஆப் பதிப்புகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.