எங்கள் வீட்டுக் குழு: முறுக்கு டின்னில் இரண்டு விரல் இடைவெளி

மலர்விழி, இரவு 9:12
கதிர், நீ சொன்னபடி நம்மைப் போல முறுக்கு, அதிரசம் விற்கும் ஐந்து பேரின் இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். ஆளுக்கு 30 பதிவுகள், மொத்தம் 150. எல்லாம் போன ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஏழு வாரங்களில் போட்டவை. முக்கால்வாசி ஒரே மாதிரிதான்: தட்டில் பலகாரம், பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே விலை.

ராஜு மாமா, 9:15
அதில் எந்த ரீலை அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடி, மலர். அதையே நாமும் எடுத்துப் போட்டுவிடலாம்.

கதிர், 9:19
மாமா, அதிகம் ஓடிய ரீலைப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் காசு கட்டி ஓட்டியதாகவும் இருக்கலாம். அந்தக் கடை இப்போது என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்பதை மெட்டாவின் விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். போன ஆண்டு ஓடி முடிந்தது அநேகமாக அங்கே கிடைக்காது. அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கீழே யார் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

மலர்விழி, 9:22
உண்மைதான். நாற்பதாயிரம் பேர் பார்த்த ஒரு ரீல் இருந்தது. கீழே இருந்தவர்கள் பாதிப்பேர் மதுரையிலிருந்தும் ஈப்போவிலிருந்தும், “எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா?” என்று கேட்டவர்கள். இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் எனக்கு அதனால் ஒரு டின்கூட விற்காது.

சாந்தி சித்தி, 9:24
யாருமே சர்க்கரை இல்லாத பலகாரம் போடவில்லையே! நாம் அதைச் செய்யலாம்.

கதிர், 9:28
சித்தி, யாரும் செய்யாதது எல்லாம் வாய்ப்பு ஆகிவிடாது. கேட்பவர் இருக்க வேண்டும். அக்கா, அந்த 150 பதிவுகளில் எத்தனை பேர் அதைக் கேட்டிருந்தார்கள்?

மலர்விழி, 9:29
ஒருவரும் இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இரண்டுதான். “எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?” என்று 14 பேர். “வந்து சேர்ந்தபோது உடைந்திருந்தது” என்று 11 பேர். அந்தப் பதினொன்றில் ஒன்பதுக்குப் பதிலே காணோம்.

சாந்தி சித்தி, 9:31
என் கோயில் தோழிகள் நான்கு பேருக்குச் சர்க்கரை நோய். அவர்கள் இன்ஸ்டாகிராமில் வந்து கேட்கவா போகிறார்கள்?

கதிர், 9:33
அது நியாயம், சித்தி. இன்ஸ்டாகிராமில் இல்லாதவர்களின் தேவை இந்தக் கணக்கில் வராது. அந்த நால்வரிடமும் விலை சொல்லி, முன்பணம் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அக்கா, அந்த ஒன்பதில் ஓர் எச்சரிக்கை. பொதுவில் பதில் இல்லை என்றால் தனிச் செய்தியில் தீர்த்திருக்கலாம். பிடிக்காத புகாரை அழித்தும் இருக்கலாம். அதனால் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். அதே ஆள் மறுபடி வந்து கேட்டாரா, மற்றவர்கள் “எனக்கும் இப்படித்தான்” என்றார்களா என்று பாருங்கள்.

மலர்விழி, 9:38
மூன்று கடைகளில் அப்படி இருக்கிறது. ஒரு பெண் படத்தோடு போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் அடுக்கு முறுக்கு தூளாகிவிட்டது, அடி அடுக்கில் ஒன்றுகூட உடையவில்லை. மூடிக்கும் முறுக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வண்டி குலுங்கும்போது மேலே இருப்பவை துள்ளி உடைகின்றன என்று நினைக்கிறேன்.

வசந்தி அத்தை, 9:40
போன தீபாவளிக்கு நான் உன்னிடம் வாங்கியதும் உடைந்துதான் வந்தது, மலர். உன் மனம் வருந்தும் என்று சொல்லவில்லை.

மலர்விழி, 9:43
அத்தை, சொல்லியிருக்கலாமே! இப்போது என் டின்னைத் திறந்து பார்த்தேன். எனக்கும் அதே இடைவெளி.

கதிர், 9:47
அப்படியானால் முதலில் டின்னைச் சரிசெய்யுங்கள். வெண்ணெய்த்தாளைக் கசக்கி மேலே நிரப்பி, மூடியால் லேசாக அழுத்தி, ஜூரோங்கில் இருக்கும் அத்தைக்கு ஒன்று அனுப்பிப் பாருங்கள். உடையாமல் போனால் அவர் திறப்பதையே ரீலாக எடுங்கள். நாள் கேள்விக்கு, ஒரே டின்னிலிருந்து முதல் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் ஒரு முறுக்கை எடுத்துக் கைப்பேசி அருகே உடையுங்கள். சத்தமே பதில் சொல்லும். ஐந்து பேரில் யாரும் அப்படிக் காட்டவில்லை அல்லவா?

மலர்விழி, 9:49
இல்லை. எல்லாரும் “மொறுமொறுப்பு” என்று எழுதியதோடு சரி.

ராஜு மாமா, 9:51
அந்த ஒன்பது பேருக்கும் நாமே செய்தி அனுப்பி, நம்மிடம் வாங்கச் சொல்லலாமே?

கதிர், 9:53
வேண்டாம், மாமா. அடுத்தவர் கடை வாசலில் நின்று ஆள் பிடிப்பது போல் ஆகும். முன்பின் தெரியாத கணக்கிலிருந்து வரும் செய்தியை மோசடி என்றும் நினைப்பார்கள்.

ராஜு மாமா, 9:55
ஒருவருக்காவது அனுப்பிப் பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மலர்விழி, 9:58
அதைப் பிறகு பேசுவோம், மாமா. தீபாவளி நவம்பர் 8. பதினான்கு நாள் சோதனை முடிய வேண்டுமென்றால் இந்த வாரமே மாவு பிசைய வேண்டும். சித்தி, நாளை தேக்கா போகும்போது வெண்ணெய்த்தாள் இரண்டு சுருள் வாங்கி வருகிறீர்களா?

சாந்தி சித்தி, 10:01
வாங்கி வருகிறேன். அப்படியே அந்த நான்கு பேரிடமும் முன்பணம் கேட்டுவிடுகிறேன்.