போட்டில எண்ணிக்கை குறையுது, மஞ்சள் பட்டன் சிலவேளை வேலை செய்யேல்லை: உதவி தேவை

மாங்குளம்_ஃபிற்றர்

வணக்கம். எங்கட இடம் மாங்குளம் பக்கம். வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிறேயர் பூட்டுறம். நாலு ஸ்டேசன், ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்ன பிஎல்சி. நாலையும் ஒரே ஆர்எஸ்-485 வயரில கோர்த்து ஒரு மினி கொம்பியூட்டருக்குக் குடுத்திருக்கு. அது மொட்பஸில அரைச் செக்கனுக்கு ஒருக்கா வாசிச்சு, நாங்கள் போட் எண்டு சொல்லுற, மேல தொங்கிற பெரிய ரீவியில பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு லைன் நிலைமையையும் அண்டைக்கு முடிஞ்ச எண்ணிக்கையையும் காட்டும்.

பிரச்சினை ரெண்டு. கடைசி ஸ்டேசனில பெட்டி கட்டி உருளை மேசையில தள்ளிவிட, சென்சர் எண்ணும். நேற்று பின்னேரம் கையால எண்ணினால் 410, போட்டில 331. காலமை வித்தியாசம் குறைவு, அவசரமாத் தள்ளுற பின்னேரத்தில கூடுது. மற்றது, பொருள் முடிஞ்சால் பிள்ளையள் அமத்துற மஞ்சள் பட்டன். சிலவேளை போட் மாறாமல் பச்சையாவே நிக்கும். அழுத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் மாறும். பட்டனை ஒருக்கா மாத்தியும் பாத்தாச்சு.

வவுனியா_வயர்மன்

தம்பி, முதல்ல சென்சர் கண்ணாடியைத் துடையுங்கோ. இப்ப வெயில் காலம், ஏ9 பக்கம் ஒரு லொறி போனால் உள்ளுக்க எல்லாம் செம்மண். ரிஃப்ளெக்டர் தகட்டையும் சேத்துத் துடையுங்கோ.

மாங்குளம்_ஃபிற்றர்

துடைச்சாச்சு அண்ணை. பெட்டி போகேக்க சென்சரின்ர லைற் ஒவ்வொருக்காவும் மின்னுது. பிஎல்சியில அந்த இன்புட்டின்ர சின்ன லைற்றும் மின்னுது. ஒண்டும் தவறேல்லை.

கட்டுப்பாட்டுப்_பெட்டி

அந்தப் பதிலோட சென்சர், வயர், தூசி எல்லாம் கழிஞ்சுது. சிக்னல் பிஎல்சிக்குள்ள வந்து சேருது. அதுக்குப் பிறகுதான் காணாமப் போகுது. ஒண்டு கேக்கிறன்: கொம்பியூட்டர் எதை வாசிக்குது? பிஎல்சி எண்ணி வைச்ச தொகையையா, இல்லாட்டி சென்சர் இன்புட் ஒண்டா பூச்சியமா எண்டதையா? பெட்டியின்ர நீளம் என்ன?

மாங்குளம்_ஃபிற்றர்

இன்புட்டைத்தான் வாசிக்குது. பூச்சியத்தில இருந்து ஒண்டா மாறினால் கொம்பியூட்டர் ஒண்டு கூட்டும். பெட்டி 40 சென்ரிமீற்றர். தள்ளினால் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில போகும்.

கட்டுப்பாட்டுப்_பெட்டி

அப்ப கணக்கே சொல்லுது. 40 சென்ரிமீற்றர் பெட்டி அந்த வேகத்தில சென்சருக்கு முன்னால நிக்கிறது 0.4 செக்கன். நீங்கள் 0.5 செக்கனுக்கு ஒருக்காத்தான் எட்டிப் பாக்கிறியள். பாக்கிற நேரத்தில பெட்டி அங்க நிக்கிற வாய்ப்பு அஞ்சில நாலு. 410இல அஞ்சில நாலு 328, உங்கட போட் 331. மெதுவாத் தள்ளினால் பெட்டி அரைச் செக்கனுக்கு மேல நிக்கும், ஒண்டும் தவறாது. அதுதான் காலமை வித்தியாசம் குறைவு. மஞ்சள் பட்டனும் இதே கதைதான்: ஒரு தட்டுத் தட்டிக் கையை எடுத்தால், ரெண்டு வாசிப்புக்கு நடுவில முடிஞ்சிடும்.

ரிமோட்_ராசா

சிம்பிள். அரைச் செக்கனை 100 மில்லிசெக்கன் ஆக்குங்கோ, முடிஞ்சுது.

கட்டுப்பாட்டுப்_பெட்டி

ராசா சொல்லுறதில பாதி சரி. தவறுறது குறையும். ஆனால் வயர் 9600இல ஓடினால் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் வயரில மட்டும் 17 மில்லிசெக்கன் போகும். அதோட ஒவ்வொரு பிஎல்சியும் பதில் சொல்ல எடுக்கிற நேரம். நாலையும் சுத்தி வர 100 மில்லிசெக்கன் பிடிக்கும், இல்லாட்டி தாண்டும். ஒரு ஸ்டேசனை ஓஃப் பண்ணினால், அதின்ர பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் மற்ற மூண்டையும் பிடிச்சு வைச்சிரும். நல்லா ஓடேக்க சரியா எண்ணும், கரைச்சல் வந்த நாளில பிழைக்கும். அப்பிடி ஒரு எண்ணிக்கையை நான் நம்ப மாட்டன்.

எண்ணுற வேலை பிஎல்சிக்கு. அது சில மில்லிசெக்கனுக்கு ஒருக்கா இன்புட்டைப் பாக்கும், 0.4 செக்கன் அதுக்குப் பெரிய நேரம்.

```
trig(CLK := BoxSensor);
IF trig.Q THEN
  BoxCount := BoxCount + 1;
END_IF
IF CallButton THEN CallLatch := TRUE; END_IF
IF ResetButton THEN CallLatch := FALSE; END_IF
```

`trig`ஐ `R_TRIG` எண்டு முதல்ல அறிவியுங்கோ. கொம்பியூட்டர் `BoxCount`, `CallLatch` ரெண்டையும் வாசிக்கட்டும். இப்ப ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா வாசிச்சாலும் ஒண்டும் துலையாது.

ஒரு விசயம் கவனம். வாசிச்சு முடிய கொம்பியூட்டரில இருந்து பூச்சியம் எழுதாதேங்கோ. வாசிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் இடையில போன பெட்டி அழிஞ்சு போகும். எண் ஏறிக்கொண்டே இருக்கட்டும், கொம்பியூட்டர் புதுசில இருந்து பழசைக் கழிக்கட்டும். `BoxCount` ஒரு 16 பிற் `UINT` எண்டால் 65535க்குப் பிறகு பூச்சியத்துக்குத் திரும்பும். நாளுக்கு 410 எண்டு பாத்தால் 160 வேலை நாள் அளவில ஒருக்கா. கழிச்சு மைனஸ் வந்தால் 65536ஐக் கூட்டுங்கோ.

தையல்லைன்_தங்கச்சி

அண்ணை, எங்கட தையல் லைனிலயும் இப்பிடித்தான், ஆனால் எங்களுக்குக் கூடுதலா எண்ணுது. நூறு கட்டுப் போனால் நூற்றிப் பத்துக் காட்டும். இதே கோட் போட்டால் சரி வருமோ?

கட்டுப்பாட்டுப்_பெட்டி

உங்களுக்கு வராது தங்கச்சி, உங்கட நோய் வேற. கட்டு போகேக்க துணி மடிப்பு ஆடி, சென்சர் ஒருக்கா விட்டுத் திருப்பிப் பிடிக்குது. சென்சர் விட்ட பிறகு 200 மில்லிசெக்கன் தொடர்ந்து விட்டிருந்தால் மட்டும் அடுத்த கட்டு எண்டு எடுக்க ஒரு ரைமர் போட்டுப் பாருங்கோ. கட்டுகள் அதுக்கும் நெருக்கமா வந்தால் அந்த நேரத்தைக் குறைக்க வேணும்.

மாங்குளம்_ஃபிற்றர்

போட்டாச்சு. சென்சருக்கு முன்னால கையை டக் டக்கெண்டு ஆட்டிப் பாத்தன், பிஎல்சியும் போட்டும் ஒரே எண். நேற்றைய நாள் முழுக்கக் கை எண்ணிக்கையோட பொருந்துது. ஆனால் இண்டைக்கு கரண்ட் போய் வந்த உடன போட்டில அறுபத்தைஞ்சாயிரத்துச் சொச்சம்! மனேஜர் பாத்துச் சிரிக்கிறார்.

கட்டுப்பாட்டுப்_பெட்டி

கரண்ட் போக பிஎல்சி எண்ணைப் பூச்சியமாக்கிப் போட்டுது. கொம்பியூட்டர் அதை 65535 தாண்டின சுத்தெண்டு நினைச்சு 65536ஐக் கூட்டியிருக்கு. `BoxCount`ஐ கரண்ட் போனாலும் அழியாத மெமரிக்கு மாத்துங்கோ. எந்த விலாசம் அழியாது எண்டது மொடலுக்கு மொடல் வேற, மனுவலில பாருங்கோ. கொம்பியூட்டர் பக்கத்திலயும் ஒரு தடை வையுங்கோ: ஒரு வாசிப்பில 20க்கு மேல கூடினால் அதைக் கூட்டாமல், புது எண்ணில இருந்து திருப்பித் தொடங்கட்டும். கரண்ட் வெட்டுற ஊரில ரெண்டும் வேணும்.

வவுனியா_வயர்மன்

அதோட ஒரு யூபிஎஸ்ஸும் வையுங்கோ. கண்ணாடியையும் கிழமைக்கு ஒருக்காத் துடையுங்கோ, நான் அதை விடமாட்டன்.

மாங்குளம்_ஃபிற்றர்

எண்ணிக்கை இப்ப சரி அண்ணை, ரெண்டு மாற்றமும் செய்தாச்சு. புதுசா ஒண்டு: நேற்று மூண்டாம் ஸ்டேசனில வயர் கழண்டு கிடந்தது, போட் அரை மணித்தியாலமாப் பச்சை.

கட்டுப்பாட்டுப்_பெட்டி

வாசிக்க ஏலாத நேரத்தில உங்கட புறோகிராம் கடைசியா வந்ததையே பிடிச்சுக்கொண்டு நிக்குது. பிஎல்சியில செக்கனுக்கு ஒருக்கா ஒண்டு கூடுற ஒரு எண் வையுங்கோ. அது அஞ்சு செக்கன் அசையாட்டி, அந்த ஸ்டேசன் சாம்பல் நிறத்துக்கு மாற வேணும். சிவப்புப் போடாதேங்கோ. சிவப்பெண்டால் லைன் நிண்டிட்டுது எண்டு ஆக்கள் அங்க ஓடுவினம், உண்மையில என்ன நிலைமையெண்டு போட்டுக்குத் தெரியாது.

ரிமோட்_ராசா

மஞ்சளை ஆர் றீசெற் பண்ணுறது? அமத்தின பிள்ளையே பண்ணினால், சுப்பர்வைசர் வராமலே அணைச்சுப் போடுவினம்.

மாங்குளம்_ஃபிற்றர்

அதுதான் இப்ப இஞ்ச சண்டை. சுப்பர்வைசரிட்டச் சாவி குடுத்தால், அவர் சாப்பிடப் போன நேரம் பொருள் வந்து சேர்ந்தாலும் மஞ்சள் எரிஞ்சுகொண்டே நிக்குது. பிறகு பொருள் இல்லாத நேரம் எவ்வளவு எண்ட கணக்கும் பிழைக்குது.

கட்டுப்பாட்டுப்_பெட்டி

ரெண்டு நேரத்தைத் தனித்தனியாப் பதியலாம்: சுப்பர்வைசர் வந்து சேர்ந்தது, பொருள் வந்து வேலை தொடங்கினது. முதலாவதுக்கு அவர்ர பட்டன், ரெண்டாவதுக்குப் பிள்ளையின்ர பட்டன். ஸ்டேசனுக்கு இன்னொரு இன்புட் வேணும். உங்கட சின்ன பிஎல்சியில மிச்சம் இருக்கோ?

மாங்குளம்_ஃபிற்றர்

மூண்டு ஸ்டேசனில இருக்கு. கடைசி ஸ்டேசனில எல்லா இன்புட்டும் நிரம்பிட்டுது. நாளைக்கு மனேஜரோட கதைச்சுப் போட்டு எழுதுறன்.