‘ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், நாகர்கோவில்:
நிற்காமல் நீளும் வலிப்பைக் குறிக்கும் இந்தச் சொல்லை, வலிப்பு பற்றிய கையேட்டில் ‘வலிப்பு நிலை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மருமகள், “எந்த நிலை மாமா?” என்று கேட்டுவிட்டாள். ‘தொடர் வலிப்பு’ சரிவருமா? அரைமணி நேரம் நீடித்தால்தானே இந்தப் பெயர்?

நரம்பியல் மருத்துவர், மார்த்தாண்டம்:
ஐயா, அரைமணி என்பது பழைய கணக்கு. கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் இனித் தானாக நிற்காது என்று கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். 30 நிமிடம் என்பது மூளைக்கு நிலையான சேதம் வரக்கூடிய எல்லை. 2015இல் இரண்டையும் பிரித்தே வரையறுத்தார்கள்.

நரம்பணுவை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகள், வலிப்பு நீள நீள அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடுகின்றன. தூண்டிவிடும் ஏற்பிகளோ மேலே வந்து குவிகின்றன. அவற்றின் வழியாகக் கால்சியம் அளவின்றிப் புகுந்து அணுவைக் கொல்கிறது. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் இதில் எளிதாக அடிபடும். முதலில் கொடுக்கும் மருந்துகளான மிடாசோலம், லோராசிபம் இரண்டும் அந்தக் காபா ஏற்பியில்தான் வேலை செய்யும். தாமதித்தால் அவை பிடிக்க இடம் குறைந்துவிடும். என் ஓட்டு ‘ஓயா வலிப்பு’க்கு. ஓயவைக்கும் ஏற்பாடு தோற்றுப்போவதுதானே நோய்?

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்:
என் அண்ணனுக்குக் கையில் இரும்புச் சாவி கொடுத்தால் உடனே நின்றுவிடும். அதையும் கையேட்டில் சேர்க்கலாமே?

செவிலியர், தக்கலை:
அண்ணா, பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். பெயர் சாவிக்குப் போகிறது. சாவி தேடும் நேரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 20 கிலோ எடை. மூக்கில் அடிக்கும் மிடாசோலம் வீட்டிலேயே இருந்தது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதிய கணக்குப்படி 4 மில்லிகிராம் வேண்டும். அந்தப் புட்டியில் ஓர் அழுத்தத்துக்கு 0.5 மட்டுமே, ஒரு மூக்குத் துளைக்கு நான்காக எட்டு முறை அழுத்த வேண்டும். அவன் அம்மா பயந்துபோய் இரண்டோடு நிறுத்திவிட்டார். வலிப்பு நிற்கவில்லை. ஆம்புலன்சில் மீதி மருந்து, மருத்துவமனையில் சிரை வழியாக லெவெடிராசிடம் என்ற வலிப்பு மருந்து என்று போய்த்தான் அடங்கியது. மிடாசோலத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று குறைத்துக் கொடுக்கிறார்கள். நீளும் வலிப்பே மூச்சைக் கெடுக்கும் என்பது தெரிவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
லெவெடிராசிடமும் கேட்காவிட்டால்?

மருத்துவர்:
அது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கேட்கும். மற்றவர்களுக்குச் செயற்கைச் சுவாசம் வைத்து மயக்க மருந்து. அங்கே ஒரு வம்பு உண்டு: உடல் அசைவு நின்றும் மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். நினைவு திரும்பாவிட்டால் மூளையின் மின்னலைப் பதிவான இ.இ.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
இழுப்பே இல்லாததை ‘வலிப்பு’ என்று எப்படி எழுதுவது, டாக்டர்? ‘ஓயா’வை எடுத்துக்கொண்டேன். அடுத்த சொல் இடறுகிறது.