பொருள்: ‘கிராஸ் காஸ்ட் கான்ட்ராக்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

திருச்சியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பொதுக்கொள்கை படிக்கும் என் மாணவர்களுக்காக, நகரப் பேருந்துகளுக்கு நிதி தருவது பற்றி இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு எழுதுகிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்பேருந்துகள்தான் எடுத்துக்காட்டு. பேருந்தும் ஓட்டுநரும் தனியாருடையவை, நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். டிக்கெட் காசு கழகத்துக்கு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்கு. ‘மொத்தச் செலவு ஒப்பந்தம்’ என்று எழுதினால் வகுப்பில் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேறு சொல் உண்டா?

கோவையிலிருந்து:
இதில் என்ன தவறு? தனியார் செய்யும் செலவு மொத்தத்தையும் அரசு ஏற்கிறது, பெயரும் அதைத்தானே சொல்கிறது?

திருச்சியிலிருந்து:
என் மாணவர்களும் இதையேதான் சொன்னார்கள், ஐயா. செலவை அரசு ஏற்பதில்லை. வகுப்புக்காக நான் போட்ட கணக்கைத் தருகிறேன். ஒரு பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர், ஏலத்தில் முடிவான விலை கிலோமீட்டருக்கு 70 ரூபாய். தனியாருக்கு 14,000 போகும். அவருக்கு 75 ரூபாய் செலவானால் அந்த ஐந்து ரூபாய் நட்டம் அவருடையது. வசூல் 9,000 என்றால் கழகம் 5,000 கைவிட்டுப் போட வேண்டும். மழைநாளில் வசூல் 5,000 ஆகிவிட்டால் 9,000 போட வேண்டும். தனியாருக்கு அன்றும் அதே 14,000தான். ஆள் ஏறாத நட்டம் யாருடையது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும்.

தஞ்சையிலிருந்து:
அம்மா, இதற்கு வயலிலேயே சொல் இருக்கிறது. குத்தகைக்காரர் பேசிய நெல்லை அளந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார். விளையாவிட்டால் அடி அவருக்கு. கூலியாளுக்கு விளைந்தாலும் விளையாவிட்டாலும் நாள்கூலி உண்டு. டிக்கெட் காசைத் தனியாரே வைத்துக்கொள்ளும் முறை குத்தகை, நீங்கள் சொல்வது கூலி. ஆகவே ‘தூரக்கூலி ஒப்பந்தம்’. கூலி என்பதே கூலத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. தானியமாக அளந்த ஊதியம். கூலவாணிகன் சாத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குப் போன சொல்லும் இதுதான் என்பது என் துணிபு.

நாகர்கோவிலிலிருந்து:
தூரம் வடசொல். ‘தொலைவுக்கூலி’ என்க. மொத்தம் என்பதும் ஆய்வுக்குரியது. ஒட்டு, ஒத்து, மொத்து என ஒரு வரிசை எனக்குத் தோன்றுகிறது, தனியே எழுதுகிறேன்.

தஞ்சையிலிருந்து:
தொலைவுக்கூலி என்றால் தொலைந்துபோன கூலி போல இருக்கிறதே, ஐயா. பேருந்து நிலையத்தில் யார் தொலைவு என்கிறார்கள்?

மதுரையிலிருந்து:
நான் முப்பது வருடம் நடத்துநர். எங்களுக்கு வசூலைப் பார்த்துப் பேட்டா உண்டு. அதனால் ஓடிவரும் ஆளுக்காக ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்வோம். கிலோமீட்டருக்குக் காசு என்றால் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் காசு வருமே? பெயர் எதுவானாலும் இதை எழுதுங்கள், டீச்சர்.

திருச்சியிலிருந்து:
குறிப்பின் இரண்டாம் பக்கம் முழுக்க இதுதான், அண்ணா. வசூல் தனியாருடையது என்றால் ஆளுக்காக ஒரு வண்டியை இன்னொன்று முந்தும். தூரத்துக்குக் கூலி என்றால் நிறுத்தம் தவறும். அதனால் விடுபட்ட நிறுத்தத்துக்கும் ரத்தான நடைக்கும் பிடித்தம் வேண்டும், அதைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் பதிவு கழகத்தின் கையில் இருக்க வேண்டும். லண்டனிலும் 2001 முதல் நேரம் தவறாமைக்குத் தனி ஊக்கத்தொகை வைத்தார்கள். இன்னொன்று, 2021 மே முதல் நம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்துகளைக் குத்தகைக்கு விட்டால், பெண்களின் பயணத்துக்கு அரசு தரும் தொகை தாமதமாகும் மாதங்களில் தனியார் வண்டியைக் குறைத்துவிடுவார். கூலி முறையில் அந்தச் சுமை கழகத்தோடு நிற்கும்.

கோவையிலிருந்து:
சரி, செலவு என்று நான் சொன்னது தவறுதான். ஆனால் மின்கட்டணம் ஏறினால் விலையையும் ஏற்றும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த அளவுக்காவது செலவு அரசுடையதுதானே? தவிர, ‘கூலி’ என்று ஒரு பெருநிறுவனத்தின் ஒப்பந்தத்துக்குப் பெயர் வைத்தால் அதிகாரிகள் கையெழுத்திட மாட்டார்கள். ‘தூரப்படி’ எப்படி? பயணப்படி, பஞ்சப்படி எல்லாம் அவர்கள் கோப்பில் இருக்கிறதே.

தஞ்சையிலிருந்து:
படி என்பது சம்பளத்துக்கு மேலே கொடுப்பது. இங்கே அதுவே முழுச் சம்பளம். கூலி என்பதில் என்ன இழிவு? இழிவு சொல்லில் இல்லை.

திருச்சியிலிருந்து:
விதியைப் பற்றிக் கோவை ஐயா சொன்னதைச் சேர்த்துக்கொள்கிறேன். சொல்லுக்கு வருவோம். இதுவரை தூரக்கூலிக்கு நான்கு பேர், தூரப்படிக்கு இருவர். நாளிதழ் படிப்பவர்களுக்காகத் தலைப்பில் ‘மொத்தச் செலவு ஒப்பந்தம்’ இருக்கட்டும். உள்ளே முதல் வரியிலேயே தூரக்கூலி என்று சொல்லி, கடைசிவரை அதையே எழுதுகிறேன். அச்சகத்துக்கு நாளைக் காலை அனுப்ப வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தொலைவு. மொத்தம் பற்றிய கட்டுரை ஞாயிறன்று வரும்.